மூன்றாவது வாரத்துக்கு ஆள் சேர்த்து வையுங்கள்

“அக்கா, சேலம் அம்மாபேட்டையில் இருக்கிறோம். போன வெள்ளிக்கிழமை என் மனைவி மொபெட்டில் போகும்போது கீழே விழுந்து, கணுக்காலுக்கு மேலே எலும்பு முறிந்து தோலைக் கிழித்து வெளியே வந்துவிட்டது. வெளியே கம்பி வைத்து நிறுத்தியிருக்கிறார்கள். தோல் ஒட்ட வேண்டும், ஐந்து வாரமாவது வார்டில் இருக்க வேண்டும் என்கிறார் டாக்டர். நான் விசைத்தறியில் பகல் ஷிப்ட். மகள் பத்தாம் வகுப்பு, மகன் மூன்றாம் வகுப்பு, இருவரும் அரசுப் பள்ளி. அம்மாவுக்கு எழுபது வயது, சர்க்கரை உண்டு. சொந்தக்காரர்கள் நிறையப் பேர் வருகிறார்கள், ஆனாலும் வீடு தலைகீழாகக் கிடக்கிறது. எங்கே தொடங்குவது?”

தம்பி, முதலில் நாள் கணக்கைத் திருத்திக்கொள்ளுங்கள். ஐந்து வாரம் என்பது வார்டுக் கணக்கு. காயத்தோடு வெளியே வந்த கால் எலும்பு முழுதாக ஒட்ட நான்கு முதல் ஆறு மாதம் ஆவது சாதாரணம். அவர் வீட்டுக்கு வரும்போதும் அந்தக் காலை ஊன்ற விட மாட்டார்கள். ஆகவே ஐந்து வாரம் பல்லைக் கடித்துச் சமாளித்துவிடலாம் என்று நினைத்து ஏற்பாடு செய்யாதீர்கள். மூன்று மாதம் ஓடக்கூடிய ஏற்பாடாக இருக்க வேண்டும், அதாவது நீங்கள் இன்று செய்துகொண்டிருப்பதைவிடக் குறைவாகச் செய்ய வேண்டும்.

நான் எலும்பு முறிவு வார்டில் இருபத்திரண்டு ஆண்டுகள் செவிலியராக இருந்தேன். கட்டிலைச் சுற்றி நிற்கும் கூட்டத்தைப் பார்த்தே எத்தனையாவது வாரம் என்று சொல்லிவிடலாம். முதல் வாரம் ஒரு நோயாளிக்கு நான்கு பிளாஸ்க் காபி, மூன்று வீட்டு இட்லி, யாரும் தொடாத ஆப்பிள் பை. மூன்றாவது வாரம் அதே கட்டிலருகில் அந்த அம்மாவின் தாயார் மட்டும் சுவரில் சாய்ந்து தூங்கிக்கொண்டிருப்பார். குடும்பங்கள் உடைவது இரண்டாவது வாரக் கடைசியில்தான். வந்தவர்கள் ஊருக்குத் திரும்பியிருப்பார்கள், கையிருப்பு கரைந்திருக்கும், துணைக்கு இருப்பவருக்கே காய்ச்சல் வந்திருக்கும்.

அதனால் இப்போது வருகிறவர்களிடம் “பரவாயில்லை, பார்த்துக்கொள்கிறோம்” என்று சொல்லாதீர்கள். “இப்போது ஆள் இருக்கிறது, அடுத்த மாதம் முதல் வாரம் மூன்று நாள் வந்து இருக்க முடியுமா?” என்று தேதி சொல்லிக் கேளுங்கள். கேட்கக் கூச்சமாகத்தான் இருக்கும். ஆனால் முதல் வாரத்தில் யாரும் மறுக்க மாட்டார்கள், மூன்றாவது வாரத்தில் போன் செய்தால் ஆயிரம் காரணம் வரும். சொன்ன தேதியை அவர்கள் கண்ணெதிரே காலண்டரில் எழுதுங்கள். எழுதியதை மறப்பது கொஞ்சம் கடினம்.

யாரை எங்கே நிறுத்துவது என்பதிலும் ஒரு கணக்கு இருக்கிறது. பெண்கள் வார்டில் இரவு துணைக்குப் பெரும்பாலும் பெண்களை மட்டுமே விடுவார்கள். ஆகவே உங்கள் மாமியார், மைத்துனி, அக்கா என்று உங்கள் பக்கம் இருக்கும் பெண்கள் எல்லாரையும் ஆஸ்பத்திரி இரவுகளே தின்றுவிடும். அவர்களையே பகலில் வீட்டுக்கு வந்து சமைக்கவும் சொன்னால் பத்து நாளில் படுத்துவிடுவார்கள். இரவுத் துணைக்கு மூன்று பெண்கள், ஆளுக்கு இரண்டு இரவு என்று முறை வையுங்கள். ஏழாவது இரவு யாருக்குத் தேவையோ அவருக்கு. சாதாரண டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை என்பதால் மாறி மாறிப் போய்வரச் செலவும் ஆகாது. வீட்டு வேலையோ உங்களுக்கும் பிள்ளைகளுக்கும் பக்கத்து வீட்டுக்கும் உரியது என்று பிரித்துவிடுங்கள். இந்தக் கோட்டைப் போடாத வீடுகளில்தான் “அவள் ஒரு நாள்தான் இருந்தாள், நான் நான்கு நாள் இருந்தேன்” என்ற பேச்சு கிளம்பும்.

இனி வீட்டுக்குள் வருவோம். சோறு ஆக்குவது, துணி துவைப்பது போன்ற கைவேலையை யாரும் எடுத்துச் செய்துவிடலாம். அம்மா படுத்தால் நின்றுபோவது நினைவு வேலை. என்றைக்கு எது வரும், எது தீரப் போகிறது, யாருக்கு என்ன ஆகாது என்பதெல்லாம் எழுதி வைக்காமல் ஒருவர் தலையில் மட்டும் இருக்கும்.

என் தங்கை கர்ப்பப்பை அறுவை சிகிச்சைக்குப் பின் சிக்கலாகி ஒரு மாதம் படுத்தபோது தாதகாப்பட்டியில் அவள் வீட்டை நான்தான் பார்த்தேன். செவிலியர் என்ற மிதப்பு வேறு. மாத்திரை, சாப்பாடு, பள்ளிக்கூடம் எல்லாம் ஒழுங்காக நடந்தது. ஐந்தாம் நாள் காலையில் குழாயைத் திறந்தால் காற்றுதான் வந்தது. அந்தத் தெருவில் அப்போது நான்கு நாளைக்கு ஒரு முறை தண்ணீர் விடுவார்கள். முந்தின நாள் விடியற்காலை நாலரை மணிக்கு வந்து ஆறு மணிக்கு நின்றுவிட்டதாம். வால்வு திறப்பவரின் சைக்கிள் சத்தம் கேட்டதும் தங்கை எழுந்துவிடுவாளாம். அவள் எழுந்து விளக்கைப் போட்டால்தான் எதிர்வீட்டுக்காரரே எழுவாராம். அந்த முறை எதிர்வீடும் தண்ணீரைத் தவறவிட்டது. தொட்டியில் ஒரு சாண் தண்ணீர், வீட்டில் ஐந்து பேர், அடுத்த முறைக்கு மூன்று நாள். டேங்கர் லாரிக்குக் கொடுத்த பணத்தைவிட, பதினெட்டு வருடமாக அந்த வீட்டுக்குப் போய்வந்தும் இதை நான் கவனிக்கவே இல்லையே என்பதுதான் உறுத்தியது.

ஆகவே ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்குங்கள். உங்கள் மனைவியிடம் ஒரு நாளைக்குப் பத்து நிமிடம் மட்டும் கேளுங்கள். ஆபரேஷன் தியேட்டருக்குப் போகும் நாளிலும் மறுநாளும் வேண்டாம். வலி மருந்தில் சொல்வது பாதி தப்பாக இருக்கும். “வீட்டைப் பற்றிச் சொல்” என்று கேட்டால் எதுவும் வராது, அவருக்கே தெரியாமல் செய்கிற வேலைகள் அவை. “திங்கட்கிழமை கண் விழித்ததும் என்ன செய்வாய், அதற்கப்புறம்?” என்று நாளை ஓட்டிக்காட்டச் சொல்லுங்கள். அப்போதுதான் பால் அட்டை எந்த டப்பாவில், தண்ணீர் முறை என்றைக்கு, மகனுக்கு எந்த நாள் வெள்ளைச் சட்டை, அரிசிப் பானைக்குள் கிடக்கும் நசுங்கிய டம்ளரால் எத்தனை போட்டால் எல்லாருக்கும் போதும் என்பது வரும். அந்த டம்ளர்தான் உங்கள் வீட்டு அளவை. வேறு டம்ளரை எடுத்தால் கணக்கு தவறும்.

கூடவே அவருடைய போனைப் பற்றி ஒரு முடிவு எடுங்கள். கேஸ் இணைப்பு எந்த எண்ணில் பதிவாகியிருக்கிறதோ அதிலிருந்து பதிவதுதான் எளிது. சிலிண்டர் கொண்டுவருபவரிடம் சொல்ல வேண்டிய குறியீட்டு எண்ணும் அந்தப் போனுக்குத்தான் வரும். மின் கட்டணக் குறுஞ்செய்தியும் அப்படியே. இரண்டு மாதத்துக்கு ஒரு முறை கணக்கெடுத்த நாளிலிருந்து இருபது நாளுக்குள் கட்ட வேண்டும். அந்தச் செய்தி ஆஸ்பத்திரித் தலையணைக்கடியில் கிடந்தால் வீட்டில் யாருக்குத் தெரியும்? அதற்காகப் போனைப் பிடுங்கி வீட்டில் வைத்துக்கொள்ளாதீர்கள். படுத்திருப்பவருக்கு அது ஒன்றுதான் ஜன்னல். இரவுத் துணைக்கு இருப்பவர் தினமும் செய்திகளைப் பார்த்து உங்களுக்கு அனுப்பினால் போதும்.

வீட்டிலிருந்து அவருக்குப் பேசுவதையும் ஒழுங்குபடுத்துங்கள். உப்பு எங்கே, துவரம்பருப்பு எங்கே என்று நாளைக்கு இருபது முறை அழைத்தால் அவரால் தூங்கவும் முடியாது, கட்டிலில் கிடந்தபடியே வீட்டு வேலையும் செய்துகொண்டிருப்பார். சந்தேகங்களை நோட்டில் எழுதி வைத்து மாலை ஏழு மணிக்கு ஒரே அழைப்பில் கேளுங்கள். மகன் பேசுவதும் அந்த நேரத்தில்தான். குறித்த நேரத்தில் அம்மா குரல் வரும் என்று தெரிந்தால் சிறு பிள்ளைகள் மற்ற நேரங்களில் அவ்வளவு அடம்பிடிப்பதில்லை. படுக்கையை நனைத்தால் திட்டாதீர்கள். இந்த வயதிலும் சில வாரம் அப்படி ஆவதுண்டு.

அடுத்தது உங்கள் அம்மா. எல்லாவற்றையும்விட எனக்குப் பயம் இங்கேதான். சர்க்கரை மாத்திரைகளில் சில, சாப்பாடு வந்தாலும் வராவிட்டாலும் சர்க்கரையை இறக்கிக்கொண்டே இருக்கும். கிளிமிப்பிரைடு அந்த வகை. இன்சுலினும் அப்படித்தான். உங்கள் மனைவி எட்டு மணிக்கு மாத்திரையையும் இட்லியையும் சேர்த்தே கொடுத்திருப்பார். இப்போது அம்மா பழக்கத்தில் எட்டு மணிக்கு மாத்திரையைப் போட்டுக்கொள்வார், நீங்கள் ஆஸ்பத்திரிக்குப் போய் டிபனோடு வர மணி பத்தரை ஆகும். அதற்குள் வியர்வை, கை நடுக்கம், சம்பந்தமில்லாத பேச்சு, சில பேருக்குக் காரணமில்லாத கோபம். மருமகள் கவலையில் இப்படிப் பேசுகிறார் என்று வீட்டில் உள்ளவர்கள் நினைத்துவிடுவார்கள்.

மாத்திரைப் பட்டையைப் பூசையலமாரியிலிருந்து எடுத்துச் சாப்பாட்டுத் தட்டுக்குப் பக்கத்தில் வையுங்கள். தட்டில் சோறு விழுந்த பிறகுதான் மாத்திரை என்பது விதியாக இருக்கட்டும். மருந்துக்கும் சாப்பாட்டுக்கும் எவ்வளவு நேர இடைவெளி என்பதை மட்டும் அவருடைய டாக்டரிடம் கேட்டு நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள். மேலே சொன்ன அறிகுறி தெரிந்தால், விழுங்கும் நிலையில் இருந்தால், மூன்று தேக்கரண்டிச் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடிக்கக் கொடுங்கள். பதினைந்து நிமிடத்தில் தெளியாவிட்டால் இன்னொரு முறை கொடுத்துவிட்டு, தெளிந்ததும் சாப்பிட வையுங்கள். நினைவு தப்பியிருந்தால் வாயில் எதையும் ஊற்றக் கூடாது, 108-ஐ அழையுங்கள். இதை மகளுக்கும் சொல்லி வையுங்கள், பகலில் வீட்டில் இருப்பவர் யாராக இருந்தாலும் அவருக்கும்.

சமையலைப் பாதியாகக் குறையுங்கள். உங்கள் மனைவி செய்ததை எல்லாம் நீங்களும் செய்யப் பார்த்தால் முடியாது, செய்யவும் வேண்டாம். மகன் மூன்றாம் வகுப்பு, அரசுப் பள்ளி என்கிறீர்கள். ஐந்தாம் வகுப்பு வரை காலை உணவு அங்கேயே உண்டு, மதியச் சத்துணவும் முட்டையும் உண்டு. மகளுக்கும் பத்தாம் வகுப்பு வரை மதியச் சத்துணவு உண்டு. “நம் பிள்ளை அங்கே சாப்பிடுவதா” என்று யாராவது முகம் சுளித்தால், அவர்களையே மூன்று மாதத்துக்கு டிபன் கட்டித் தரச் சொல்லுங்கள்.

மிச்சமிருப்பது காலையில் மூன்று பேர், இரவில் நான்கு பேர். வாரத்துக்கு இரண்டு நாள் கடை மாவு வாங்குங்கள். காலையில் ஒரே ஒரு முறை அடுப்புப் பற்றட்டும். அரிசியை இரவே கழுவித் தண்ணீரோடு குக்கரில் வைத்துவிடலாம். ஒரு பங்கு புழுங்கலரிசிக்கு மூன்று பங்கு தண்ணீர். கோடையில் இரவெல்லாம் வெளியே ஊறினால் புளித்துவிடும் என்பதால் அப்போது மட்டும் எழுந்ததும் போடுங்கள். அரிசிக்கு மேலே சிறு பாத்திரத்தில் பருப்பு. அது வெந்துகொண்டிருக்கும்போது பக்கத்து அடுப்பில் ஒரு காய். குழம்பைத் தினமும் வைக்க வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை நல்லெண்ணெய் தாராளமாக விட்டுச் சுண்டக்காய்ச்சிய வத்தக்குழம்பு, ஈரக்கரண்டி படாமல் இருந்தால் இரண்டு மூன்று நாள் தாங்கும். பருப்புச் சாம்பார் காலையில் வைத்தது இரவுக்கே சந்தேகம். நடுவில் ஒரு நாள் ரசம், ஒரு நாள் பருப்புப் பொடியும் அப்பளமும். ஊரில் இருந்து யாராவது “என்ன செய்து அனுப்பட்டும்?” என்று கேட்டால் இனிப்பு வேண்டாம், பருப்புப் பொடியும் இட்லிப் பொடியும் புளிக்காய்ச்சலும் கேளுங்கள். காய்க்கு வாரம் இரண்டு முறை காலையில் அம்மாபேட்டை உழவர் சந்தை. வாழைக்காய், பூசணி, சேனை மாதிரி நான்கு நாள் கிடந்தாலும் கெடாததாக வாங்குங்கள். கீரையைச் சில வாரம் மறந்துவிடுங்கள். ஆய்வதற்கு ஆள் இல்லாத வீட்டில் கீரை அழுகத்தான் செய்யும்.

ஆஸ்பத்திரிக்குச் சாப்பாடு கொண்டுபோவதைத்தான் எல்லாரும் பெரிய வேலையாக இழுத்துப்போட்டுக்கொள்வார்கள். நோயாளிக்கு வார்டிலேயே உணவு வரும். புண் ஆறப் புரதம் அதிகம் தேவை என்பதால் நீங்கள் சேர்க்க வேண்டியது முட்டை, சுண்டல், தயிர் போன்றவைதான். மூன்று வேளையும் அடுக்குச் சட்டியைத் தூக்கிக்கொண்டு பழைய பஸ் நிலையம் பக்கத்து அரசு ஆஸ்பத்திரிக்கும் அம்மாபேட்டைக்கும் அலைந்தால் உங்கள் தறிக்கூலிதான் போகும். இரவுத் துணைக்கு வருகிறவர் கையில் ஒரு வேளை கொடுத்துவிட்டால் போதும்.

மகள் விஷயத்தில் கொஞ்சம் கடுமையாகவே சொல்கிறேன். வார்டில் இதைப் பல முறை பார்த்திருக்கிறேன். தாய் படுத்த மறுநாளே பதினைந்து வயதுப் பெண் சின்ன அம்மா ஆகிவிடுவாள்; எல்லாரும் “எவ்வளவு பொறுப்பு பாருங்கள்” என்று மெச்சுவார்கள். மெச்ச மெச்ச அவளும் செய்வாள். பள்ளிக்கு ஒரு நாள் மட்டம், பிறகு வாரத்துக்கு இரண்டு நாள். அவள் குறை சொல்ல மாட்டாள் என்பதால் காலாண்டு மதிப்பெண் வந்த பிறகுதான் தெரியும். அவளுக்கு என்ன வேலை என்பதை நீங்களே அளந்து கொடுங்கள்: மாலையில் பாட்டியின் மாத்திரை, தம்பியின் வீட்டுப்பாடம், அவ்வளவு. காலை அடுப்பு உங்களுடையது. பாத்திரம் தேய்க்கவும் துணி மடிக்கவும் எட்டு வயது மகனாலும் முடியும். பள்ளி ஆசிரியரிடம் நீங்களே நேரில் போய் நிலைமையைச் சொல்லி, ஒரு நாள் வராவிட்டாலும் உங்களுக்கு போன் செய்யச் சொல்லுங்கள். மாதவிலக்கு நாப்கின் வாங்குவது போன்றவற்றை அவள் உங்களிடம் கேட்கத் தயங்குவாள். மளிகைச் சாமானோடு கேட்காமலே வாங்கி அலமாரியில் வைத்துவிடுங்கள்.

பணத்தில் ஒன்று மட்டும். இரண்டாவது வாரத்தில் உங்களுக்குத் தெரியாத ஒரு கடன் வாசலுக்கு வர வாய்ப்புண்டு. மகளிர் குழுத் தவணை, ஏலச் சீட்டு, வாரவட்டி, பாத்திரச் சீட்டு என்று ஏதாவது ஒன்று. பிள்ளைகளின் பள்ளிச் செலவோ உங்கள் அம்மாவின் மருந்தோ அதற்குள் இருக்கும். ஒரு முறை தசை ஒட்டு அறுவை சிகிச்சை முடிந்து மூன்றாம் நாள், கணவர் கட்டிலருகில் நின்று “எட்டாயிரம் எதற்கு வாங்கினாய்?” என்று கத்தியதைப் பார்த்திருக்கிறேன். அந்த அம்மாவின் நாடித்துடிப்பு ஏறியதை நான்தான் குறித்தேன். அதைக் கேட்க நிறைய நாள் இருக்கிறது. இப்போது குழுத் தலைவியைக் கூட்டம் நடக்கும் நாளுக்கு முன்பே பார்த்து, எவ்வளவு பாக்கி, எப்போது கட்ட வேண்டும் என்று கேளுங்கள். முன்பே சொன்னால் குழுவுக்குள் பேசி வழி செய்வார்கள். சொல்லாமல் விட்டால் மற்ற பெண்கள் கைக்காசைப் போட வேண்டியிருக்கும், அந்த வருத்தம் உங்கள் மனைவி மேல்தான் விழும். மாதம் 15-ஆம் தேதி உரிமைத் தொகை ஆயிரம் ரூபாய் அவர் கணக்கில் விழுகிறதென்றால், அதை எதற்கு எடுத்துவந்தார் என்றும் கேட்டுவிட்டே தொடுங்கள். பெரும்பாலும் அது ஏற்கெனவே எதற்கோ பேசிவைத்த பணமாக இருக்கும்.

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டு அட்டை இருந்தால் குடும்ப அட்டையோடு சேர்த்து இப்போதே ஆஸ்பத்திரிக் காப்பீட்டுப் பிரிவில் காட்டுங்கள். அரசு ஆஸ்பத்திரிக்கு எதற்கு அட்டை என்று விட்டுவிடாதீர்கள். அங்கேயும் அது செல்லும். வெளியேறும்போது காட்டலாம் என்று வைத்திருப்பவர்கள்தான் பிறகு அலைகிறார்கள்.

வெளியேறும் நாள் தெரிந்தவுடன் மூன்று பொருளைத் தேடத் தொடங்குங்கள்: முழங்கால் உயரக் கட்டில், நடுவில் ஓட்டையுள்ள கமோடு நாற்காலி, வாக்கர். கழிப்பறையில் உட்கார்ந்து எழும் வகையில் கால் மடங்காது. நாற்காலியும் வாக்கரும் வாடகைக்கும் கிடைக்கும். வாசல்படி இரண்டுக்கு மேல் இருந்தால் அன்றைக்குத் தூக்க இரண்டு ஆள் வேண்டும், தறியில் கூட வேலை செய்பவர்களிடம் முன்பே சொல்லி வையுங்கள். முக்கியமாக, அவர் வந்த அன்றே தெருவே பார்க்க வரும். அவர் கட்டிலில் இருந்தபடி “காபி போடு” என்று மகளைக் கூப்பிடுவார், அவள் புத்தகத்தை மூடிவிட்டு எழுவாள். அந்த நாளில் பக்கத்து வீட்டு அம்மாளிடம் ஒரு பெரிய பிளாஸ்க் காபி போட்டுத் தரச் சொல்லுங்கள். அடுத்த தண்ணீர் முறை என்றைக்கு என்பதையும் முந்தின இரவே நோட்டில் பார்த்துவிடுங்கள், நாலரை மணிக்கு எழ வேண்டியவர் இன்னும் நீங்கள்தான்.